மணிக்கூடு பாக்கிற பிள்ளை

போன வருசம் ரெண்டாம் தவணை முடிவுல பெற்றோர் கூட்டம் நடந்தது. திருக்கடலூர்ப் பக்கமிருந்து வாற ஒரு அம்மா, எல்லாரும் றிப்போட்டைப் பாத்துட்டுப் போனாப் பிறகு கடைசியா வந்து என்ட மேசைக்கு முன்னால நிண்டா. மகள் தரம் 9. சுதா எண்டு வச்சுக்கொள்ளுவம், உண்மைப் பேர் அது இல்ல. மாக்ஸைப் பத்தி ஒரு வார்த்தையும் கேக்கல்ல. "டீச்சர், கேக்கிறன் எண்டு குறை நினைக்காதீங்க. சயன்ஸ் பாடத்தில என்ன செய்தனீ எண்டு கேட்டா மணிக்கூடு பாத்தன் எண்டுதான் சொல்றாள். எல்லா நாளும் அவளுக்கு அதுதான் வேலையா?"

கோவத்தில கேட்ட கேள்வி இல்ல அது. அறியவேணும் எண்டுதான் கேட்டா. நானும் உடன பதில் சொன்னன், இல்லம்மா, குழு வேலையில அது ஒரு பொறுப்பு, நேரம் பாக்க ஒரு ஆள் இல்லாட்டி வேலை முடியாது எண்டு. அவ தலையாட்டிட்டுப் போயிட்டா. ஆனா பஸ்ஸில வீட்ட போகக்குள்ளயே அந்தப் பதில் எனக்குக் குத்தத் தொடங்கிட்டுது, ஏனெண்டா என்ட வகுப்புச் சுவரில பெரிய மணிக்கூடு ஒண்டு தொங்குது, நேரம் முடிஞ்சா நானே கையத் தட்டி நிப்பாட்டிருவன். அந்தப் பிள்ளை பாக்காட்டி ஒரு வேலையும் நிண்டுபோகாது. அது அவளுக்கும் தெரியும், குழுவில இருந்த மத்தப் பிள்ளையளுக்கும் தெரியும், தெரியாம இருந்தது நான் மட்டும்தான்.

அப்ப நான் வகுப்பு வச்சிருந்த விதம் இதுதான். 36 பிள்ளையள், 6 மேசை, மேசைக்கு 6 பேர். தலைவர், எழுதுறவர், பொருள் கொண்டாறவர், நேரம் பாக்கிறவர், ஒழுங்கு பாக்கிறவர், அறிக்கை சொல்றவர் எண்டு ஆறு பேருக்கும் கழுத்தில போடுற மட்டை கூட வெட்டி வச்சிருந்தன். வகுப்பு பாக்க வந்த ஆசிரிய ஆலோசகர் அந்த மட்டையளப் பாத்து நல்லா இருக்கு எண்டு எழுதிட்டும் போனவர். ஆருக்கும் வேலை இல்லாம இல்ல, எல்லார்ட கழுத்திலயும் ஒண்டு தொங்குது. சுதாக்கு நேரம் பாக்கிற மட்டையக் குடுத்தது நான்தான். அவள் வாசிக்கிறது மெதுவு, மாக்ஸ் முப்பதுக்கு மேல போறதில்ல, சத்தமாக் கதைக்க மாட்டாள், அறிக்கை சொல்லச் சொல்லி நிப்பாட்டினா வெக்கத்தில அழுதிருவாள் எண்டு நினைச்சு, பாவம் எண்டு குடுத்த வேலை. அந்தப் பாவம்தான் ரெண்டு தவணையா அவளை வேலைக்கு வெளியில வச்சது.

பன்ரெண்டு நிமிசம் எண்ணிப் பாத்தது

மூண்டாம் தவணை தொடங்கின கிழமை ஒரு விசயம் செய்தன். காட்டி பாடம், செவ்வரத்தம்பூவ சுடுதண்ணியில போட்டு எடுத்த சாறு, தேசிக்காய்ப் புளி, சவர்க்காரத் தண்ணி, அப்பச்சோடாத் தண்ணி. வழமையா நான் மேசை மேசையாச் சுத்துவன். அண்டைக்குச் சுத்தாம சுதாட மேசைக்குப் பின்னால ஒரு வாங்கில இருந்து, ஒரு தாளில ஆறு பேர்ட பேரையும் எழுதி வச்சுக்கொண்டு, விசயத்தைப் பத்தி ஆர் கதைச்சாலும் ஒரு கோடு, பொருள்ல ஆர்ட கை பட்டாலும் ஒரு வட்டம், இப்பிடி 12 நிமிசம் போட்டன். வேற ஒண்டையும் எழுதல்ல. இது ஆரும் செய்யக்கூடிய வேலை, ஒரு தாளும் பேனையும் போதும், ஆனா ஒரே ஒரு மேசையோட இருக்கோணும். சுத்திக்கொண்டிருந்தா எல்லா மேசையும் நல்லா நடக்கிற மாதிரித்தான் தெரியும், ஏனெண்டா நாங்க கிட்டப் போனவுடன பிள்ளையள் எல்லாம் குனிஞ்சு வேலை செய்யத் தொடங்கிருவாங்க.

தலைவரா இருந்த பெடியனுக்கு 31 கோடு. எழுதின பிள்ளைக்கு 19. ஒழுங்கு பாக்கிறவருக்கும் அறிக்கை சொல்றவருக்கும் ஆறும் அஞ்சும். பொருள் கொண்டந்த பெடியன் ரெண்டாவது நிமிசத்தில தட்டைக் கொண்டந்து வச்சான், அதோட அவன்ட வேலை முடிஞ்சுது, மிச்சம் பத்து நிமிசமும் யன்னலால வெளியில பாத்துக்கொண்டு இருந்தான். வட்டங்கள் கிட்டத்தட்ட எல்லாம் தலைவர்ட பக்கத்தில. சுதா நாலு தரம் வாய் திறந்தாள், நாலும் "இன்னும் இத்தினை நிமிசம் இருக்கு" எண்டதுதான், அதால அவள்ட பேருக்கு நேர ஒரு கோடும் விழல்ல. ஒரு இடம் மட்டும் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. சவர்க்காரத் தண்ணியில சாறை ஊத்தினவுடன சிவப்புப் போய் பச்சை மாதிரி வந்துது, சுதா சட்டெண்டு முன்னுக்கு வந்தாள், சொண்டு அசைஞ்சுது, என்னமோ சொல்லப் போறாள் எண்டு நான் பேனையத் தூக்கிட்டன். பிறகு அவள் திரும்பி மணிக்கூட்டைப் பாத்தாள்.

அந்தத் தாளை இன்னும் வச்சிருக்கிறன். அதை வச்சுக்கொண்டுதான் முதல்ல என்ட குழுட அளவைப் பாத்தன், பிறகு ஆரோட ஆரை இருத்துறது எண்டதை, கடைசியா அந்த மட்டையள.

அளவு சின்னக் கணக்குத்தான். ஒரு நேரத்தில ஒருத்தர்தான் கதைக்கலாம். 12 நிமிசத்தை ஆறு பேருக்குச் சரியாப் பிரிச்சாலே ஆளுக்கு 2 நிமிசம், மூண்டு பேர் எண்டா 4 நிமிசம். ஆறு பேர் ஒரு மேசையில இருந்தா ரெண்டு ரெண்டு பேராக் கதைக்கக்கூடிய சோடி 15 வருது, மூண்டு பேருக்கு 3 சோடிதான். அந்த மூண்டில ஒரு ஆள் ஒதுங்கினா மேசையில பளிச்செண்டு தெரியும், ஆறில ஒரு ஆள் ஒதுங்கினா இடமே தெரியாது. பிரான்சில விவசாயப் பொறியியலாளரா இருந்த மாக்ஸ் றிங்கெல்மன் எண்டவர் ஆக்களைக் கொண்டு கயிறு இழுப்பிச்சு அளந்து 1913ல எழுதினார், ஆக்கள் கூடக் கூட ஒவ்வொருத்தரும் இழுக்கிற இழுவை குறைஞ்சுகொண்டு போகுது எண்டு. உப்புவெளியில கரைவலை இழுக்கிறதப் பாத்த ஆக்களுக்கு இது புதுசா இருக்காது, பின்னால நிக்கிற கை உண்மையா இழுக்குதா சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்குதா எண்டு முன்னால நிக்கிறவனுக்குத் தெரியாது. ஆனா வகுப்புக்கு இதை அப்பிடியே கொண்டாறதுக்கு எனக்கு விருப்பமில்ல, ஏனெண்டா சுதா கையத் தளத்தி நிண்டவள் இல்ல. அவள் பிடிக்கிறதுக்கு அந்த மேசையில கயிறே இருக்கல்ல.

ஆரோட ஆரை இருத்துறது

எங்களுக்குப் பயிற்சிக் கலாசாலையில இருந்து பழகின முறை, மாக்ஸ் லிஸ்டை எடுத்து கெட்டிக்காரர் ஒருத்தர், மெல்லக் கற்கிறவர் ஒருத்தர், நடுத்தரம் நாலு பேர் எண்டு கலந்து விடுறது. கெட்டிக்காரப் பிள்ளை மத்தவைக்குச் சொல்லிக்குடுக்கும் எண்டது அதில இருக்கிற நம்பிக்கை. இது முழுக்கப் பிழை எண்டு சொல்லமாட்டன். நொரீன் வெப் எண்ட அமெரிக்க ஆய்வாளர் சின்னக் குழுக்களில பிள்ளையள் கதைக்கிறதை நிறைய வருசம் பாத்தவ. அவ சொல்றதில ஒரு விசயம் எனக்கு நல்லாப் பிடிபட்டுது, விளக்கம் சொல்ற பிள்ளைக்குத்தான் அதால கூடப் பயன், கேக்கிற பிள்ளைக்குப் பயன் வாறது தனக்குத் தேவைப்பட்ட விளக்கம் முழுசாக் கிடைச்சு, அதை உடன தானே செய்து பாத்தாத்தான். வெறும் விடையச் சொல்லிக்குடுத்தா கேட்ட பிள்ளைக்கு ஒண்டும் சேராது. அதோட மூண்டு தரமும் கலந்த குழுவில மேல இருக்கிற பிள்ளையும் கீழ இருக்கிற பிள்ளையும் வாத்தியாரும் மாணவரும் மாதிரி ஒரு சோடியா ஒட்டிக்கொள்ள, நடுவில இருக்கிறவை சத்தமில்லாம வெளியில நிண்டிருவினம். என்ட தாளில ஆறும் அஞ்சும் எண்டு கோடு வாங்கின ரெண்டு பிள்ளையளும் நடுத்தரம்தான். நான் அதுவரைக்கும் அவையைப் பத்திக் கவலைப்பட்டதே இல்ல.

சிநேகிதமா இருக்கிற ஆக்களை ஒண்டா இருத்தியும் பாத்தன். சத்தம் கூடினது, வேலை குறைஞ்சது, அதைவிடப் பெரிய விசயம், ஆரும் கூப்பிடாத நாலு பிள்ளையள் வகுப்பு நடுவில கொப்பியக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டதைப் பாக்க வேண்டி வந்தது. அதுக்குப் பிறகு அந்த முறையத் தொடவே இல்ல.

இப்ப நான் செய்றது குலுக்கிப் போடுறது. பழைய கொப்பி மட்டையள வெட்டி 36 துண்டு, 1 தொடக்கம் 12 வரை இலக்கம், ஒவ்வொரு இலக்கமும் சிவப்பு, நீலம், பச்சை எண்டு மூண்டு நிறத்தில. வாசல்ல நிண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன்ட கையாலயே ஒண்டை எடுக்கோணும். இலக்கம் எந்த மேசை எண்டு சொல்லும், நிறம் எந்த வேலையில தொடங்கிறது எண்டு சொல்லும். பிள்ளையள்ட கண்ணுக்கு முன்னால குலுக்கிறதுதான் இதில முக்கியம், நான் வீட்ட இருந்து லிஸ்ட் எழுதிக் கொண்டந்து இது குலுக்கினது எண்டு சொன்னா ஆரும் நம்பமாட்டாங்க, டீச்சர் என்னை ஏன் இதில போட்டா எண்டு யோசிச்சுக்கொண்டே இருப்பாங்க. மத்தது, ஒவ்வொரு பிரக்டிக்கலுக்கும் திரும்பக் குலுக்கோணும். ஒரு தவணைக்கு ஒரே குழு எண்டா பிடிக்காத ஆளோட மாட்டின பிள்ளைக்கு அது தண்டனை, இண்டைக்கு மட்டும் எண்டா ஆரும் பொறுத்துக்கொள்ளும்.

இதிலயும் நான் கை வைக்கிற இடம் ரெண்டு இருக்கு. எங்கட கலவன் பாடசாலை. ரெண்டு பெடியங்களுக்கு நடுவில ஒரு பொம்பிளைப்பிள்ளை தனிய மாட்டினா, தரம் 9ல, அவள் அநேகமா எழுதுற வேலைக்குள்ள அமுங்கிப் போறாள், அதை நான் பல தரம் பாத்துட்டன், அதால அப்பிடி விழுந்தா பக்கத்து மேசையோட ஒரு மட்டையை மாத்தி விடுவன். காது கொஞ்சம் குறைவா ஒரு பெடியன் இருக்கிறான், அவன்ட மேசை மட்டும் எப்பவும் சத்தம் குறைஞ்ச மூலையில. இந்த ரெண்டையும் பிள்ளையளுக்கு மறைக்காமச் சொல்லிட்டுத்தான் செய்றன்.

வேலைக்குள்ள இருந்து பொறுப்பை வெட்டி எடுக்கிறது

குழுவைச் சின்னனாக்கிக் குலுக்கினவுடன எல்லாம் சரி வரும் எண்டு நினைச்சன், வரல்ல. மூண்டு பேரிலயும் ஒருத்தன் செய்ய, ஒருத்தன் எழுத, ஒருத்தன் பாக்க எண்டு போயிட்டுது. அப்பதான் விளங்கினது பிழை அந்த மட்டையளில எண்டு. நேரம், ஒழுங்கு, பொருள் எல்லாம் எந்தப் பாடத்துக்கும் போடலாம், தமிழுக்கும் போடலாம், கணக்குக்கும் போடலாம், அதாலதான் அதுகள் ஒரு பாடத்துக்குள்ளயும் போகாது. பொறுப்பை அண்டைய வேலைக்குள்ள இருந்து வெட்டி எடுக்கோணும். இப்ப நான் எனக்கு நானே கேக்கிற கேள்வி ஒண்டுதான், இந்த ஆள் இண்டைக்கு வரல்ல எண்டா மத்த ரெண்டு பேருக்கும் விடை கிடைக்குமா? கிடைக்கும் எண்டா அது பொறுப்பு இல்ல.

அடர்த்திப் பாடத்தை வச்சுச் சொல்றன், அதிலதான் எனக்கு இது முதல் முதல் பிடிபட்டது. ஸ்ட்ரோவால நீரமானி செய்ற பிரக்டிக்கல். உள்ளுக்கத் தெரியிற ஸ்ட்ரோ ஒண்டை எடுத்து, கிராப் பேப்பர்ல ஒரு மெல்லிய கீலம் வெட்டி உள்ளுக்க விட்டு, அடியை மெழுகால அடைச்சு, சின்ன ஆணி கொஞ்சம் உள்ளுக்கப் போட்டா அது தண்ணியில நட்டமா மிதக்கும். கிணத்துத் தண்ணியில 12 சென்ரிமீற்றர் தாழுற மாதிரி ஆணியக் கூட்டிக் குறைச்சு எடுத்து வச்சிருந்தன். மேல்பக்கத்தை வெட்டின ஒண்டரை லீற்றர் சோடாப் போத்தல்தான் பாத்திரம். மூண்டு தண்ணி, ஒண்டு கிணத்துத் தண்ணி, மத்தது இனிக் கரையாது எண்டு அடியில உப்புத் தங்குற வரைக்கும் உப்புப் போட்டுக் கலக்கினது, மூண்டாவது டச்சு வளைகுடாக் கரையில காலமை அள்ளிக் கொண்டந்த கடல்தண்ணி.

கணக்கு லேசு. மிதக்கிற பொருள் தன்ட நிறைக்குச் சமனான தண்ணியத் தள்ளும், அதால தண்ணி அடர்த்தியாக ஆகத் தாழுற நீளம் அதே விகிதத்தில குறையும். உப்புக் கரைசல்ட அடர்த்தி சுமார் 1.2, 12ஐ 1.2ஆல பிரிச்சா 10, அப்ப ஸ்ட்ரோ 2 சென்ரிமீற்றர் மேல எழும்பும், கண்ணை மூடிக்கொண்டு நிண்டாலும் தெரியும். கடல்தண்ணி சுமார் 1.02, 12ஐப் பிரிச்சா 11.76, ரெண்டு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பாடத்தின்ட உயிர் இந்த ரெண்டு மில்லிமீற்றர்லதான் இருக்கு. கவனமாப் பாக்காட்டி அது இல்லாமப் போயிரும்.

இதில என்ன என்ன யோசினை வேணும் எண்டு பாத்தன். போட முதல் எங்க நிக்கும் எண்டு சொல்லோணும், அதுக்குக் காரணம் வேணும். போட்டாப் பிறகு அளவைச் சரியா வாசிக்கோணும். வாசிச்சதை நம்பலாமா எண்டு ஆரும் கேக்கோணும். மூண்டு பொறுப்பு அப்பிடியே வந்துட்டுது. சிவப்பு முன்கூட்டிச் சொல்றவர், ஸ்ட்ரோவப் போட முதல் சென்ரிமீற்றரில ஒரு எண்ணும் ஏன் எண்டு ஒரு வசனமும் துண்டில எழுதி மடிச்சு வைக்கோணும். நீலம் வாசிக்கிறவர், ஸ்ட்ரோவத் தொடலாம், வேற ஆரும் தொடக்கூடாது, கண்ணைத் தண்ணி மட்டத்துக்குக் கொண்டந்து மில்லிமீற்றர் வரைக்கும் வாசிக்கோணும். பச்சை கேக்கிறவர், பேனை அவர்ட கையில, ஆனா தன்ட சொல்லை எழுதக்கூடாது, மத்தவர் சொல்றதைத்தான் எழுதலாம், எழுத முதல் "எப்பிடித் தெரியும்?" எண்டு ஒருக்காவாவது கேக்கோணும். வாசிப்பை ரெண்டு தரம் எடுத்து ஒரு மில்லிமீற்றருக்கு மேல வித்தியாசம் வந்தா திரும்பச் செய்யச் சொல்ற அதிகாரமும் பச்சைக்குத்தான். ஒவ்வொரு தண்ணி முடியவும் மட்டை வலப்பக்கமாக் கை மாறும். மூண்டு தண்ணி, மூண்டு பேர், அதால 80 நிமிசப் பாடவேளைக்குள்ள எல்லாரும் மூண்டையும் செய்திருப்பினம். ஒரு தண்ணிக்கு 12 நிமிசம் விட்டன், 10 போதாது, முதல் சுத்தில ஆர் என்ன செய்றது எண்டு விளங்கவே நாலு நிமிசம் போகும்.

பேனை ஆர்ட கையில, ஸ்ட்ரோ ஆர்ட கையில எண்டதை நான் இவ்வளவு இறுக்கமா வச்சதுக்குக் காரணம் அந்தத் தாளில இருந்த வட்டங்கள்தான். பேனையும் பொருளும் ஒரே ஆள்ட கையில இருந்தா அந்த மேசையில வேற ஆரும் இல்லாத மாதிரித்தான். அறிக்கை சொல்றவரையும் எடுத்துட்டன். ஆர் சொல்லப் போறது எண்டு முதலே தெரிஞ்சா மத்த ரெண்டு பேரும் கேக்கிறதை விட்டிருவினம். முடிவுல நான் ஒரு நிறத்தைக் கூப்பிடுவன், அந்த நிறத்து மட்டை ஆர்ட கையில இருக்கோ அவை எழும்பித் தங்கட மேசை கண்டதைச் சொல்லோணும், கூப்பிட முதல் ரெண்டு நிமிசம் குடுப்பன், ஆரைக் கூப்பிட்டாலும் சொல்ற மாதிரி ஒருத்தரை ஒருத்தர் தயார் பண்ணுங்க எண்டு. அந்த ரெண்டு நிமிசத்திலதான் நான் எதிர்பாத்த கதை நடக்குது.

மூண்டாவது தண்ணி

கிணத்துத் தண்ணி பிரச்சினை இல்லாமப் போச்சு. உப்புக் கரைசல்ல ஸ்ட்ரோ துள்ளி எழும்பினவுடன வகுப்பு முழுக்கச் சத்தம். மூண்டாவது கடல்தண்ணி. சுதா முதல்ல பச்சையில தொடங்கினவள், பிறகு சிவப்பு, இப்ப நீல மட்டை அவள்ட கையில. நான் திட்டம் போட்டு வச்சது இல்ல, குலுக்கினதில விழுந்தது.

நாலைஞ்சு மேசையில ஒரே மாதிரி விடை வந்துது, 12க்கும் கிட்ட, ரெண்டு மேசையில 12 எண்டே எழுதியாச்சு. கடல்தண்ணியும் கிணத்துத் தண்ணியும் ஒண்டுதான் டீச்சர் எண்டு ஒருத்தன் கத்தினான், அவன் வகுப்பில முதலாம் பிள்ளை, அவன் சொன்னவுடன பக்கத்து மேசையள் ரெண்டு தங்கட எண்ணை வெட்டி 12 எண்டு மாத்தினதை நான் பாத்தன். சுதாட மேசையில முதல் வாசிப்பு 11.9, ரெண்டாவது 11.6. பச்சை மட்டை வச்சிருந்த பெடியன் மூண்டு மில்லிமீற்றர் வித்தியாசம், திரும்ப எடு எண்டான், அந்த அதிகாரம் அவனுக்கு இருந்தபடியா அவள் எடுத்தே ஆகோணும். அவள் குந்தி இருந்து போத்தலைப் பாத்துக்கொண்டே இருந்தாள், நல்ல நேரமா. பிறகு சின்னச் சத்தத்தில, "இது போத்தல்ல ஒட்டிக்கொண்டு நிக்குது. ஒட்டாம நடுவில நிக்கேக்கதான் பாக்கோணும். மற்றது இதில குமிழ் இருக்கு" எண்டாள். ஸ்ட்ரோவ வெளியில எடுத்து விரலால துடைச்சு, மெதுவா நடுவில விட்டு, அது ஆடி அடங்கும் வரைக்கும் பொறுத்து வாசிச்சாள். 11.8. திரும்பவும் 11.8.

அவள் சொன்ன ரெண்டும் சரி. ஸ்ட்ரோ சுவரில முட்டினா தண்ணி அதைப் பிடிச்சு இழுத்து வச்சுக்கொள்ளும், தானா நிக்க வேண்டிய உயரத்துக்கு வராது. காத்துக் குமிழ் ஒட்டினா அது மிதவை மாதிரி மேல தூக்கும். ரெண்டு மில்லிமீற்றரைத் தேடுற வேலையில இந்த ரெண்டும் போதும் விடையைக் குழப்ப. இதை முதலே சொல்லிக்குடுக்கோணும் எண்டு எனக்குக் குறிப்பில எழுதி இருந்தது, அவசரத்தில சொல்ல மறந்துட்டன். மறந்தது நல்லதாப் போச்சு எண்டு இப்ப நினைக்கிறன்.

அடுத்ததா நான் செய்ததை எலிசபெத் கோஹன் எண்டவட எழுத்துல இருந்துதான் எடுத்தன், ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகத்தில இருந்த சமூகவியலாளர். பிள்ளையள் ஒரு மேசைக்கு வரக்குள்ளயே ஆர் மேல ஆர் கீழ எண்ட ஒரு வரிசையத் தூக்கிக்கொண்டுதான் வாறாங்க, மாக்ஸ், வாசிப்பு, ஆர் ஆரோட சிநேகிதம் எல்லாம் அதுக்குள்ள, மேல இருக்கிறவன் கூடக் கதைப்பான், கூடக் கதைக்கிறவன் கூடப் படிப்பான், அதால குழு வேலை அந்த இடைவெளியக் குறைக்கிறதுக்குப் பதிலாக் கூட்டிவிடும் எண்டு அவ காட்டினா. அதை உடைக்க அவ சொல்ற ஒரு வழி, கீழ இருக்கிற பிள்ளை உண்மையாவே ஒரு நல்ல வேலை செய்யேக்க அதைக் கண்டுபிடிச்சு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, என்ன செய்தது எண்டு குறிப்பாச் சொல்லி, அந்த வேலைக்கு அது ஏன் தேவை எண்டும் சொல்றது. சும்மா கெட்டிக்காரி எண்டா வேலைக்காகாது, அது பொய் எண்டு பிள்ளையளுக்கு உடன தெரியும்.

நான் கையத் தட்டி எல்லாரையும் நிப்பாட்டினன். "ஒம்பதாம் மேசையில சுதா ஒண்டைக் கண்டிருக்கிறாள். ஸ்ட்ரோ சுவரில ஒட்டி நிண்டா வாசிப்புப் பிழைக்கும், குமிழ் இருந்தாலும் பிழைக்கும். இப்ப எல்லா நீலமும் துடைச்சுப்போட்டுத் திரும்ப எடுங்க" எண்டன். அவ்வளவுதான் சொன்னது. 12 எண்டு வெட்டி மாத்தின மேசையள் திரும்ப எடுத்தாங்க, அநேகம் பேருக்கு 11.7, 11.8 எண்டு வந்துது. முதலாம் பிள்ளை எழும்பி வந்து சுதாட மேசையில குனிஞ்சு, எப்பிடித் துடைச்சனீ எண்டு கேட்டான். அவள் அவனுக்குச் செய்து காட்டினாள், கதைக்காமத்தான், ஆனா காட்டினாள்.

இதால சுதா அடுத்த நாளே மாறிட்டாள் எண்டு எழுத மாட்டன். தமிழ்ப் பாடத்தில அவள் இன்னும் பழைய சுதாதான் எண்டு அந்த டீச்சர் சொல்றா. வருச முடிவு மாக்ஸ் கொஞ்சம் கூடினது, பெரிசா இல்ல. ஆனா அடுத்த ரெண்டு பிரக்டிக்கல்லயும் அதே மாதிரித் தாள் வச்சு எண்ணினன். முதலாவதில அவளுக்கு 9 கோடு, ரெண்டாவதில 14, ரெண்டிலயும் அந்த மேசையில ஆகக் கூட வந்த ஆளுக்கு இருபதுக்குக் கீழதான். அந்த முப்பத்தொண்டு கோடு வாங்கின பெடியனும் இப்ப பதினெட்டு, பத்தொம்பதுக்குள்ள நிக்கிறான், அவனுக்குப் பச்சை மட்டை வாற சுத்தில கேள்வி கேக்கிறது கஷ்டமா இருக்கு எண்டு வந்து சொன்னான், விடை தெரிஞ்சுகொண்டு சொல்லாம இருக்கேலாதாம்.

பிழைச்ச நாளும் இருக்கு. எலியட் அறன்சன் 1971ல ரெக்ஸஸ் மாநிலத்தில ஒஸ்ரின் நகரப் பாடசாலையளில தொடங்கின ஜிக்சோ முறை, ஒவ்வொரு பிள்ளையும் பாடத்தின்ட ஒரு துண்டை வேற குழுவில போய்ப் படிச்சுட்டு வந்து தன்ட குழுவுக்குச் சொல்லிக்குடுக்கிறது, அதையும் செய்து பாத்தன், தாவரப் பகுதியில. யோசினை நல்லது, துண்டு என்னட்ட மட்டும்தான் இருக்கு எண்டா நான் இல்லாம ஆருக்கும் விடை வராது. ஆனா என்ட வகுப்பில அந்தத் துண்டை வாசிச்சே விளங்க வேண்டி இருந்தது, மெதுவா வாசிக்கிற பிள்ளை அரைகுறையா விளங்கிக்கொண்டு வந்து மேசை முழுக்க அந்த அரைகுறையைப் படிச்சுது. இப்ப செய்றதெண்டா துண்டை வாசிப்பா வைக்காம பாக்கிற பொருளா வைப்பன், இலை, வேர், விதை எண்டு, அதோட சொல்லிக்குடுக்கப் போக முதல் அந்தத் துண்டுக்காரரை நானே ரெண்டு கேள்வி கேட்டுட்டுத்தான் விடுவன். மற்றது எல்லாப் பாடத்துக்கும் மூண்டு பொறுப்புத் தேவையில்ல. ஒரு சமன்பாட்டைப் போட்டு விடை எடுக்கிற வேலைக்கு மூண்டு மட்டை குடுத்தா அது நடிப்பாப் போயிரும், அங்க ரெண்டு பேர், ஒரு பேனை, கேள்விக்குக் கேள்வி பேனை கை மாறுறது, அது போதும்.

இந்தக் கிழமை மின்சுற்றுப் பாடம். முன்கூட்டிச் சொல்றவர் இருக்கிறார், எந்த மின்குமிழ் கூட வெளிச்சம் தரும் எண்டு எழுதி மடிச்சு வைக்கலாம். வயரைத் தொடுறவர் இருக்கிறார். மூண்டாவது ஆளுக்கு அளக்க ஒண்டும் இல்ல, வெளிச்சத்தைக் கண்ணால பாக்கிறதுதான், அதை மூண்டு பேரும் பாப்பினம், அவர் இல்லாட்டியும் விடை வரும். சுற்றை வரைஞ்சு பாக்கிற வேலையக் குடுக்கலாமா, அதாவது வயரைத் தொடுறவர் பச்சை வரைஞ்ச படத்தை மட்டும் பாத்துத்தான் பூட்டலாம், வாயால சொல்லிக் கேக்கக்கூடாது எண்டு வச்சா, படம் பிழைச்சா வெளிச்சம் வராது. வெள்ளிக்கிழமை ரெண்டு பாடவேளை இருக்கு, மட்டையக் குலுக்கி ஒரு மேசைக்குப் பின்னால தாளோட இருந்து பாக்கப் போறன்.